நிழலின் ஓரத்தில் கால் பங்கு வெளிச்சம்

ஒரு சிறிய ஒளிப்புள்ளிக்கு முன்னால் சவர பிளேடை நிறுத்தினால், எதிர்ச்சுவரில் ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் நிழலும் விழும். ஒளிப்புள்ளியிலிருந்து பிளேடின் விளிம்பை உரசியபடி ஒரு நேர்கோடு இழுத்தால், அது சுவரைத் தொடும் இடம்தான் நிழலின் எல்லை. அந்த எல்லையில், இம்மியும் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகராமல், எவ்வளவு வெளிச்சம் இருக்கும்?

கேட்டவர்களில் பெரும்பாலோர் பாதி என்பார்கள். ஒளிப்புள்ளியின் பாதியைத்தான் பிளேடு மறைத்திருக்கிறது, எனவே பாதி வெளிச்சம் வர வேண்டும் என்பது நியாயமான ஊகம். ஆனால் ஒளிமானி வைத்து அளந்தால் கால் பங்குதான் தேறும். பிளேடு இல்லாதபோது அந்த இடத்தில் விழும் ஒளி 100 என்றால், பிளேடு வந்தபின் 25. சிவப்பு ஒளியானாலும் நீல ஒளியானாலும், சுவர் ஒரு மீட்டரில் இருந்தாலும் நூறு மீட்டரில் இருந்தாலும் அதே 25.

இதைவிட வியப்பானது எல்லையை அடுத்த வெளிச்சப் பகுதியில் நடக்கிறது. அங்கே ஒளி சீராக ஏறி 100-இல் நின்றுவிடுவதில்லை. 100-ஐத் தாண்டி 137 வரை போகிறது, பிறகு 78-க்கு இறங்குகிறது, மறுபடி 120, மறுபடி 84, அடுத்து 115 என்று ஏறி இறங்கி, ஆட்டம் சிறுத்துக்கொண்டே போய், தொலைவில்தான் 100-இல் அடங்குகிறது. நிழலுக்குள் அப்படி எந்த ஆட்டமும் இல்லை. அங்கே வெளிச்சம் 25-இலிருந்து சரிந்து சரிந்து மறைகிறது. ஒரே விளிம்பு, ஒரு பக்கம் பட்டை பட்டையாக, மறுபக்கம் வழவழப்பாக ஏன் இந்த வேற்றுமை என்பதுதான் விளிம்பு விளைவின் மையமான கேள்வி.

இதைச் சுவரில் பார்க்கப் பெரிய ஆய்வகம் வேண்டியதில்லை. 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சாதாரண சிவப்பு லேசர் பாயிண்டர், அதன் முன்னே ஒரு சிறிய குவிலென்ஸ், ஒரு பிளேடு, ஓர் இருட்டறை போதும். லென்ஸ் ஒளியை ஒரு புள்ளியில் குவித்து, அங்கிருந்து விசிறிபோல விரிக்கும். அந்தப் புள்ளியிலிருந்து ஒரு மீட்டரில் பிளேடும், பிளேடிலிருந்து மூன்று மீட்டரில் சுவரும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணக்கின்படி முதல் வெளிச்சப் பட்டை நிழல் எல்லையிலிருந்து 2.4 மில்லிமீட்டரிலும், முதல் கருமைப் பட்டை 3.7 மில்லிமீட்டரிலும் விழும். அடுத்த வெளிச்சம் 4.6-இல், அடுத்த கருமை 5.4-இல், மூன்றாவது வெளிச்சம் 6.1-இல். போகப் போகப் பட்டைகள் நெருக்கமாகின்றன. (லேசரை நேராகக் கண்ணால் பார்க்கவே கூடாது. சுவரில் விழுவதை மட்டும் பார்க்க வேண்டும்.)

லென்ஸில் ஒட்டிய தூசியும் வளையங்களையும் கோடுகளையும் உண்டாக்கும். எது பிளேடால் வந்தது, எது தூசியால் வந்தது என்று பிரித்தறிய எளிய வழி உண்டு. பிளேடை மெல்ல நகர்த்தினால் அதனுடைய பட்டைகள் கூடவே நகரும், தூசியின் கோடுகள் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இந்தச் சோதனையில் எல்லோரும் தடுமாறும் ஓர் இடம், நிழல் எல்லை எங்கே என்று குறிப்பது. கண் பாதி வெளிச்சமுள்ள இடத்தை எல்லை என்று எடுத்துக்கொள்ளும். ஆனால் அந்த இடம் உண்மையான எல்லையிலிருந்து வெளிச்சப் பக்கமாக 0.7 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. பென்சிலால் அங்கே கோடு போட்டு அளக்கத் தொடங்கினால் எல்லா அளவும் 0.7 குறையும். சரியான எல்லையைக் கண்டுபிடிக்கப் பட்டைகளே உதவும். முதல் இரண்டு கருமைப் பட்டைகளுக்கு இடையிலான தூரத்தை அளந்து, அதை 2.16-ஆல் பெருக்கி, முதல் கருமைப் பட்டையிலிருந்து நிழலை நோக்கி அவ்வளவு தூரம் வந்தால் எல்லை கிடைத்துவிடும். மேலே சொன்ன அமைப்பில் இடைவெளி 1.71 மில்லிமீட்டர், பெருக்கினால் 3.69. கணக்கு சொன்ன 3.7-உடன் ஒத்துப்போகிறது.

அன்றாடம் காணும் நிழல்களில் இந்தப் பட்டைகள் ஏன் தெரிவதில்லை? சூரியன் ஒரு புள்ளி அல்ல, வானில் அரை பாகை அகலமுள்ள தட்டு. சூரியவெளிச்சத்தில் ஒரு மீட்டர் தூரத்தில் விழும் நிழலின் ஓரம், சூரியனின் அகலத்தால் மட்டுமே ஒன்பது மில்லிமீட்டருக்கு மங்கிப்போகிறது. அங்கே பட்டைகளின் அகலமோ அரை மில்லிமீட்டர் அளவு. சூரியத் தட்டின் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாகப் பட்டைகளை உண்டாக்கத்தான் செய்கிறது. ஆனால் அவை ஒன்றன்மேல் ஒன்று இடம் தள்ளி விழுவதால் கலந்து காணாமல் போகின்றன. இந்தக் கலப்பு பிறகு ஒரு பெரிய பயனாக மாறப்போகிறது.

இத்தாலியின் பொலோனியா நகரில் வாழ்ந்த ஏசு சபைத் துறவி பிரான்செஸ்கோ கிரிமால்டி, நிழலின் ஓரத்தில் பட்டைகள் இருப்பதைக் கண்டு எழுதினார். அவர் இறந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1665-இல் அந்த நூல் வெளிவந்தது. நியூட்டனும் கத்தி முனையையும் தலைமுடியையும் வைத்து இதை ஆராய்ந்திருக்கிறார். சரியான கணக்கு மட்டும் கிடைக்க இன்னும் ஒரு நூற்றாண்டு ஆயிற்று. அதைத் தந்தவர் அகுஸ்தின் பிரெனெல் என்ற பிரெஞ்சு சாலைப் பொறியாளர்.

1815-இல் எல்பா தீவிலிருந்து நெப்போலியன் பாரிசுக்குத் திரும்பியபோது, பிரெனெல் மன்னர் பக்கம் நின்றதால் வேலையை இழந்து, நார்மண்டியில் மாத்தியூ என்ற ஊரிலிருந்த தாய்வீட்டுக்குப் போனார். அங்கே கருவி ஏதுமில்லை. செப்புத்தகட்டில் சிறு துளை போட்டு, அதில் ஒரு தேன்துளியை வைத்து, அதையே லென்ஸாக்கிச் சூரிய ஒளியைப் புள்ளியாகக் குவித்தார். பட்டைகளை அளக்கும் அளவியை உள்ளூர்ப் பூட்டுக் கொல்லர் செய்து கொடுத்தார்.

அப்போது இந்தப் பட்டைகளுக்கு ஆங்கிலேயர் தாமஸ் யங் சொன்ன விளக்கம் ஒன்று இருந்தது. விளிம்பில் பட்டுத் தெறிக்கும் ஒளி ஒரு அலை, விளிம்பைத் தொடாமல் நேராக வரும் ஒளி இன்னொரு அலை, இரண்டும் கூடிக் குறுக்கீட்டால் பட்டைகளை உண்டாக்குகின்றன என்றார் யங். பிரெனெலும் முதலில் இந்த வழியிலேயே நினைத்தார். இரண்டு விஷயங்கள் அவரைத் தடுத்தன. ஒன்று, சவரக்கத்தியின் கூர்மையான முனையை வைத்தாலும் மழுங்கலான முதுகை வைத்தாலும் பட்டைகள் ஒரே மாதிரி விழுந்தன. தெறிக்கும் ஒளிதான் காரணமென்றால், உருண்ட முதுகு அதிக ஒளியைத் தெறிக்க வேண்டும், பட்டைகள் மாற வேண்டும். இரண்டாவது, இடம் பொருந்தவில்லை. யங் சொன்னபடி முதல் கருமைப் பட்டை ஓர் அளவுகோலில் 2 என்ற இடத்தில் விழ வேண்டும், அளந்தால் 1.87-இல் விழுந்தது. வேற்றுமை ஆறேழு சதவீதம்தான். பிரெனெல் பட்டைகளை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு நுட்பத்தில் அளந்தவர், எனவே அதை அளவுப் பிழை என்று தள்ளிவிட அவருக்கு மனம் வரவில்லை. அந்தச் சிறு வேற்றுமையைப் பிடித்துக்கொண்டு போனதில்தான் சரியான விடை கிடைத்தது.

அவருடைய விடையின் சாரம் இதுதான். பிளேடு மறைக்காத வெளி முழுவதும் ஒளி அலையால் நிறைந்திருக்கிறது. அந்த அலைமுகப்பின் ஒவ்வொரு பகுதியும் சுவரிலுள்ள புள்ளிக்கு ஒரு சிற்றலையை அனுப்புகிறது. சுவரில் ஓரிடத்தில் என்ன வெளிச்சம் என்று அறிய, அங்கே வந்துசேரும் சிற்றலைகளையெல்லாம் கூட்ட வேண்டும். விளிம்பு தனியாக எதையும் செய்வதில்லை. எந்தெந்தச் சிற்றலை கணக்கில் சேரும், எது சேராது என்று வெட்டிக் கொடுப்பது மட்டுமே அதன் வேலை. முனையோ முதுகோ எதுவானாலும் வெட்டும் இடம் ஒன்றுதான்.

இந்தக் கூட்டலை வெட்டவெளியில் ஒருவர் நடப்பதாக எண்ணிப் பார்த்தால் எளிதில் பிடிபடும். அலைமுகப்பை மெல்லிய கீற்றுகளாகப் பிரித்துக்கொள்வோம். ஒவ்வொரு கீற்றின் பங்கும் ஓர் அடி. அந்தச் சிற்றலை எவ்வளவு தாமதமாக வந்துசேருகிறதோ அவ்வளவு திரும்பி அந்த அடியை வைக்க வேண்டும். சுவரிலுள்ள புள்ளிக்கு நேரெதிரே இருக்கும் கீற்றிலிருந்து நடை தொடங்குகிறது. பக்கத்துக் கீற்றுகளிலிருந்து வரும் பாதையும் ஏறத்தாழ அதே நீளம்தான், தாமதம் இல்லை, எனவே முதல் சில அடிகள் நேராகவே போகும். தள்ளிப் போகப் போகப் பாதை நீள்கிறது, அதுவும் தூரத்தின் வர்க்கமாக நீள்கிறது. ஆகவே நடப்பவர் மெல்லத் திரும்பத் தொடங்கி, பிறகு வேகமாகத் திரும்பி, கடைசியில் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றிச் சிறுத்துக்கொண்டே போகும் வட்டங்களில் மாட்டிக்கொள்வார். அவர் சுற்றி அடங்கும் அந்த இடத்தைச் சுருளின் கண் என்போம். புறப்பட்ட இடத்திலிருந்து எதிர்ப்பக்கமாக நடந்தாலும் இதே சுருள் தலைகீழாக வரும், அங்கே இன்னொரு கண். இரண்டும் சேர்ந்து நீட்டிய S போல ஒரு வளைவு. அதை 1874-இல் வரைந்து காட்டியவர் பிரெஞ்சு இயற்பியலாளர் கோர்னு. அவர் பெயரிலேயே அது கோர்னு சுருள் எனப்படுகிறது.

எத்தனை அடி நடந்தார் என்பது முக்கியமில்லை. தொடங்கிய இடத்துக்கும் முடிந்த இடத்துக்கும் நடுவே நேர்கோட்டில் எவ்வளவு தூரம் என்பதுதான் அலையின் வீச்சு. அதை வர்க்கப்படுத்தினால் வெளிச்சத்தின் செறிவு. பிளேடே இல்லையென்றால் நடை ஒரு கண்ணிலிருந்து மறு கண் வரை, அந்தத் தூரம் முழு வீச்சு.

இனி நிழல் எல்லைக்கு வருவோம். அங்கே நேரெதிரே இருப்பது பிளேடின் விளிம்பு. ஒரு பக்கக் கீற்றுகள் அத்தனையும் மறைந்துவிட்டன, மறுபக்கக் கீற்றுகள் அத்தனையும் திறந்திருக்கின்றன. நடை S-இன் நட்டநடுவில் தொடங்கி ஒரு கண்ணில் முடிகிறது. S-இன் இரு பாதிகளும் ஒன்றுபோல இருப்பதால், இந்தத் தூரம் கண்ணுக்குக் கண் உள்ள தூரத்தில் சரியாகப் பாதி. பாதியை வர்க்கப்படுத்தினால் கால். பாதி என்று சொன்னவர்களும் ஒரு வகையில் சரிதான், ஆனால் பாதியானது வீச்சு. கண்ணும் ஒளிமானியும் உணர்வது வீச்சையல்ல, அதன் வர்க்கத்தை. இந்த வாதத்தில் அலைநீளமோ தூரமோ எங்குமே வரவில்லை, இரு பக்கமும் ஒன்றுபோல என்ற ஒரே செய்திதான் வந்தது. அதனால்தான் நிறம் மாறினாலும் சுவர் தள்ளிப்போனாலும் கால் மாறுவதில்லை.

எல்லையிலிருந்து வெளிச்சப் பக்கம் நகர்ந்தால், மறைந்திருந்த பக்கத்தின் கீற்றுகள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. நடையின் தொடக்கப்புள்ளி S-இன் நடுவிலிருந்து நழுவி மறு சுருளுக்குள் போகிறது, அங்கே மறு கண்ணைச் சுற்றிச் சுற்றி வருகிறது. முடியும் கண்ணோ மாறவில்லை. தொடக்கப்புள்ளி சுற்றில் அப்பால் இருக்கும்போது தூரம் முழு வீச்சைவிடக் கூடுகிறது, இப்பால் வரும்போது குறைகிறது. முதல் சுற்றில் அது முழு வீச்சைப் போல 1.17 மடங்காகிறது, வர்க்கப்படுத்தினால் 137. எதிர்ப்புறம் வரும்போது 0.88 மடங்கு, வர்க்கப்படுத்தினால் 78. வட்டங்கள் சிறுத்துக்கொண்டே போவதால் ஆட்டமும் சிறுக்கிறது. 37 கூடுதல் ஒளி எங்கிருந்து வந்தது என்று திகைக்க வேண்டாம். கருமைப் பட்டைகளில் குறைந்ததுதான் அங்கே சேர்ந்திருக்கிறது.

நிழல் பக்கம் நகர்ந்தால் கதை வேறு. இப்போது தொடக்கப்புள்ளி, நடை முடியும் அதே கண்ணைச் சுற்றும் சுருளில் ஏறுகிறது. வட்டம் எப்படிச் சுற்றினாலும் அதன் மையத்துக்கும் அதற்கும் உள்ள தூரம் குறைந்துகொண்டேதான் போகும், ஒருமுறைகூடக் கூடாது. எனவே நிழலுக்குள் பட்டை இல்லை, மங்கல் மட்டுமே.

யங் முற்றிலும் தவறு என்றும் சொல்லிவிட முடியாது. 1896-இல் ஜெர்மானியர் ஆர்னல்ட் சோமர்ஃபெல்ட், மின்காந்த அலைச் சமன்பாடுகளை நேர்விளிம்புக்குத் தோராயமில்லாமல் தீர்த்துக் காட்டினார். அந்தத் தீர்வில் விளிம்பிலிருந்து கிளம்பும் ஓர் அலை இருக்கிறது. நிழலுக்குள் நின்று பிளேடைப் பார்த்தால் அதன் விளிம்பு மெல்லிய ஒளிக்கோடாக மினுங்குவதும் அதனால்தான். வெளிச்சப் பக்கத்தில் அந்த அலையும் நேரலையும் சேர்ந்து பட்டைகள் வருகின்றன, நிழல் பக்கத்தில் அந்த அலை தனியாக இருப்பதால் பட்டைகள் இல்லை. யங் தவறியது கட்டத்தில். முதல் வெளிச்சம் வர இரு பாதைகளுக்கும் அரை அலைநீள வேற்றுமை வேண்டும் என்று அவர் விளக்கப்படி எதிர்பார்க்க வேண்டும், உண்மையில் ஏறத்தாழ எட்டில் மூன்று பங்கே போதும். பிரெனெலைத் தொந்தரவு செய்த அந்த ஆறேழு சதவீதம் இதிலிருந்து வந்ததுதான். இரண்டில் யங்கின் படம் கண்ணுக்கு நெருக்கமானது, பிரெனெலின் கணக்கு கைக்கு நம்பகமானது.

பிளேடுக்குப் பதிலாக நிலவையும், லேசருக்குப் பதிலாக ஒரு விண்மீனையும், சுவருக்குப் பதிலாகப் பூமியையும் வைத்தால் இதே சோதனை வானத்தில் நடக்கிறது. நிலவு தன் பாதையில் போகும்போது விண்மீன்களை ஒவ்வொன்றாக மறைத்துச் செல்கிறது. நிலவின் ஓரம் வளைந்ததுதான், ஆனால் இங்கே கணக்குக்கு வரும் பகுதி சில பத்து மீட்டர் மட்டுமே. 1,738 கிலோமீட்டர் ஆரமுள்ள உருண்டையில் சில பத்து மீட்டர் நேர்கோடேதான். பிளேடிலிருந்து சுவருக்கு மூன்று மீட்டர் என்பது இங்கே 3,84,000 கிலோமீட்டராகிறது. அதற்கேற்பப் பட்டைகளும் பெரிதாகின்றன. பச்சை ஒளியில் முதல் வெளிச்சப் பட்டை நிழல் எல்லையிலிருந்து பன்னிரண்டரை மீட்டர் தள்ளித் தரையில் விழுகிறது.

இந்தப் பட்டைகள் நொடிக்குச் சுமார் 700 மீட்டர் வேகத்தில் தரையின்மேல் ஓடுகின்றன. தொலைநோக்கி இருந்த இடத்திலேயே இருக்க, பட்டைகள் அதைக் கடந்து போகின்றன. எனவே விண்மீனின் ஒளி மறைவதற்கு முன் துடிக்கிறது. முதல் பட்டையில் 137-ஐத் தொட்டு, அங்கிருந்து 18 மில்லிவினாடியில் 25-க்கு வந்து, இன்னும் 15 மில்லிவினாடியில் 4-க்குச் சரிகிறது. ஒரு வினாடியில் முப்பதில் ஒரு பங்குக்குள் எல்லாம் முடிந்துவிடும். கண்ணுக்கு விண்மீன் பட்டென்று அணைந்ததாகவே தெரியும். சாதாரண வீடியோவில் ஒரே ஒரு சட்டத்துக்குள் எல்லாம் அடங்கிப்போகும். மில்லிவினாடிக்கு ஒருமுறை ஒளியை அளக்கும் கருவி இருந்தால் மட்டும் ஏற்ற இறக்கம் வரைபடத்தில் விழும். அந்த வரைபடத்தில் கால் பங்கு வெளிச்சமுள்ள கணம்தான் நிலவின் விளிம்பு விண்மீனை நேராகத் தொட்ட கணம். பாதி வெளிச்சத்தை எடுத்துக்கொண்டால் ஐந்து மில்லிவினாடி தவறும்.

இப்படி மறையும் நேரத்தை வைத்து விண்மீனின் விட்டத்தை அளந்துவிடலாம் என்று 1909-இல் மக்மகான் என்ற ஆங்கிலக் கணிதவியலாளர் யோசனை சொன்னார். விண்மீன் ஒரு சிறு தட்டு என்றால் நிலவு அதைச் சிறிது சிறிதாக மூட வேண்டும், மூடும் நேரமே அளவைச் சொல்லும் என்பது அவர் எண்ணம். அதே ஆண்டு எடிங்டன் மறுத்தார். வெறும் புள்ளியாக இருந்தாலும் விளிம்பு விளைவால் ஒளி படிப்படியாகத்தான் குறையும், அதைத் தட்டின் அளவு என்று தவறாக எண்ண நேரிடும் என்றார். எடிங்டன் சொன்னது முழுக்க உண்மை. அவருடைய சொல்லுக்கு இருந்த மதிப்பில் அந்த யோசனை நெடுநாள் கிடப்பில் போனது.

அதே விளைவைத் தடையாகப் பார்க்காமல் அளவுகோலாகப் பார்த்தபோது வழி திறந்தது. புள்ளி விண்மீன் எப்படித் துடிக்கும் என்று துல்லியமாகத் தெரியும் அல்லவா? உண்மையான விண்மீன் அதிலிருந்து எவ்வளவு மாறுபடுகிறது என்று பார்த்தால் போதும். சூரியத் தட்டால் பட்டைகள் கலந்து மறைந்த அதே கதைதான் இங்கும். விண்மீன் தட்டு பெரிதாக ஆகப் பட்டைகள் மங்கும், முதல் உச்சம் 137 வரை எழாமல் தாழும். எவ்வளவு தாழ்ந்தது என்பதிலிருந்து தட்டின் அகலத்தைக் கணக்கிடலாம். 1939-இல் அமெரிக்கர் விட்ஃபோர்ட் ஒளிமின்கலம் கொண்டு நிலவின் விளிம்புப் பட்டைகளைப் பதிவு செய்தார்.

எண்களோடு பார்த்தால் இது எவ்வளவு நுட்பமானது என்று புரியும். ரெகுலஸ் என்ற மகம் விண்மீனின் தட்டு, நிலவின் தூரத்தில் மூன்று மீட்டருக்கு உட்பட்ட அகலமாகிறது. பட்டைகளின் அளவு பத்து மீட்டருக்கு மேல் என்பதால் அவை நன்றாகத் தெரியும். ரோகிணியின் தட்டு அதே தூரத்தில் நாற்பது மீட்டரை நெருங்குகிறது, பட்டைகள் பெரும்பாலும் அழிந்துவிடும். கேட்டை விண்மீனோ இன்னும் பெரிது, 75 மீட்டர் அளவு. நிலவு அதை மூடப் பத்தில் ஒரு வினாடி ஆகிறது, கூர்ந்து பார்ப்பவர் கண்ணுக்கே அது ‘பட்டென்று’ அணையாமல் ‘மெல்ல’ அணைவதுபோலத் தோன்றும். மக்மகானின் எளிய கணக்கு இத்தகைய விண்மீனுக்குப் பொருந்தும், ரெகுலஸுக்குப் பொருந்தாது. 2023-இல் தொடங்கிய கேட்டை மறைப்புகளின் வரிசை 2028 வரை நீள்கிறது, உலகில் எங்காவது ஓரிடத்தில் மாதந்தோறும் அது நிலவுக்குப் பின்னே போய் வருகிறது.

இடர்களும் உண்டு. நிலவின் ஓரம் பாறையும் மேடுமாக இருப்பதால், பத்து மீட்டர் அளவில் அது எப்போதும் நேராக இருப்பதில்லை. சில பதிவுகளில் பட்டைகள் கோணலாக வருவதற்கு அதுவே காரணம். தொலைநோக்கியில் பல நிறங்களை ஒன்றாக விட்டால் ஒவ்வொரு நிறத்தின் பட்டையும் சற்றுத் தள்ளி விழுந்து, இரண்டாம் மூன்றாம் பட்டைகள் அழிந்துபோகும். அது விண்மீனின் அகலம் போலவே தோற்றம் காட்டி ஏமாற்றும். அதனால் குறுகிய நிறவடிகட்டி வைத்துத்தான் பதிவு செய்கிறார்கள்.

ரேடியோ அலைகளில் இந்தப் பாறை மேட்டுத் தொல்லை ஏறக்குறைய நீங்கிவிடுகிறது. ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த அலைநீளத்தில் பட்டைகளின் அளவுகோல் பத்து மீட்டரிலிருந்து 13 கிலோமீட்டராகப் பெருகுகிறது. அதன் முன்னால் நிலவின் மலைகள் சிறியவை. பட்டை கடக்கும் நேரமும் மில்லிவினாடியிலிருந்து இருபது வினாடி அளவுக்கு நீள்கிறது, எழுதுகோல் ஓடும் வரைதாளிலேயே பதிவு செய்துவிடலாம்.

1962 ஆகஸ்ட் 5 அன்று ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கியில் சிரில் ஹசார்டும் அவருடைய தோழர்களும் 3C 273 என்ற ரேடியோ மூலம் நிலவுக்குப் பின்னால் மறைவதைப் பதிவு செய்தனர். வரைபடத்தில் பிரெனெலின் அலைகள் தெளிவாக விழுந்திருந்தன. அவற்றிலிருந்து அந்த மூலம் இரண்டு துண்டுகள் என்றும், வானில் அவை எங்கே இருக்கின்றன என்பது ஒரு விகலைக்குள்ளும் தெரிந்தது. அந்த இடத்தில் மங்கலான ஒரு விண்மீன் போன்ற பொருள் இருந்தது. பலோமார் 200 அங்குலத் தொலைநோக்கியில் அதன் நிறமாலையை எடுத்த மார்ட்டன் ஷ்மிட், அது 0.158 செம்பெயர்ச்சியோடு நெடுந்தொலைவில் இருக்கிறது என்று 1963-இல் அறிவித்தார். குவேசார்கள் என்ற வகையை உலகம் அறிந்துகொண்டது அப்படித்தான்.

பிரெனெல் பட்டைகளைப் படிப்பதையே முதன்மை நோக்கமாகக் கொண்டு கட்டப்பட்ட தொலைநோக்கி ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. உதகமண்டலத்துக்கு அருகே முத்தோரையில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்காக கோவிந்த் ஸ்வரூப் வடிவமைத்த ஊட்டி ரேடியோ தொலைநோக்கி 1970-இல் இயங்கத் தொடங்கியது. 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட அந்தப் பெருந்தொட்டி, வடக்கு தெற்காக 11 பாகை சரிந்த மலைச்சரிவில் படுத்திருக்கிறது. ஊட்டியின் அட்சரேகையும் 11 பாகைதான். அதனால் அதன் நீண்ட அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. அந்த ஒரே அச்சைச் சுற்றித் திருப்பினால் போதும், நிலவை ஒன்பதரை மணி நேரம் விடாமல் தொடரலாம். அதைக் கட்ட அந்தச் சரிவைத் தேடிப் பிடித்தார்கள்.

அது கேட்பது 326.5 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், அதாவது 92 சென்டிமீட்டர் அலைநீளத்தில். அங்கே பட்டைகளின் அளவுகோல் வானில் ஏழு விகலை. ஆனால் தெளிவு ஏழு விகலையோடு நின்றுவிடவில்லை. பட்டையின் வடிவம் முன்கூட்டியே தெரியும் என்பதால், பதிவிலிருந்து அதைக் கணக்கில் கழித்து மூலத்தின் உண்மை வடிவை மீட்கலாம் என்று பீட்டர் ஷோயர் 1962-இல் காட்டியிருந்தார். அந்த வழியில் ஊட்டியில் அதைவிட நுண்மையான விவரங்கள் கிடைத்தன. ஒரு மறைப்பு, நிலவின் விளிம்புக்குச் செங்குத்தான ஒரே திசையில்தான் மூலத்தைக் காட்டும். எனவே நிலவின் ஒரு பக்கத்தில் மறைவதையும் மறுபக்கத்தில் வெளிவருவதையும் சேர்த்து, வெவ்வேறு கோணங்களில் இரண்டு வெட்டுகள் எடுத்து இடத்தைக் குறித்தார்கள்.

இப்படி ஊட்டியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மங்கலான ரேடியோ மூலங்கள் அளக்கப்பட்டன. அவற்றின் கோண அளவுகளை, அருகிலுள்ள பிரகாசமான மூலங்களோடு ஒப்பிட்டு ஸ்வரூப்பும் விஜய் கபாஹியும் 1975-இல் முடிவுகளை வெளியிட்டனர். மங்கலானவை சிறிதாகவும் சிறிதாகவும் ஆகிக்கொண்டே போயின. பிரபஞ்சம் எந்தக் காலத்திலும் ஒரே மாதிரிதான் இருந்தது என்ற நிலைத்த பிரபஞ்சக் கொள்கையோடு அது ஒத்துப்போகவில்லை, ரேடியோ மூலங்கள் காலப்போக்கில் மாறிவந்திருக்கின்றன என்பதோடு ஒத்துப்போயிற்று.